ஜிபி எண்ணிக்கையைப் பார்த்து இணையதளத் திட்டம் வாங்காதீர்கள்

இணையதளமும் ஆன்லைன் கடையும் அமைத்துத் தரும் விக்ஸ், ஸ்குவேர்ஸ்பேஸ், ஷாப்பிஃபை போன்ற தளங்களின் விலைப் பக்கத்தைத் திறந்ததும் கண் முதலில் போவது சேமிப்பிட வரிக்குத்தான். 2 ஜிபி, 50 ஜிபி, 100 ஜிபி என்று அடுத்தடுத்து இருக்கும். பெரிய எண் இருக்கும் திட்டம் நல்ல திட்டம் என்று தோன்றும். ஆன்லைனில் சேலை விற்க நினைக்கும் ஒரு சிறிய கடைக்கு இந்த வரி அநேகமாகத் தேவையே இல்லை. பணம் கரைவது வேறு இடத்தில்.

முதலில் பார்க்க வேண்டியது, அந்தத் திட்டத்தில் பணம் வாங்க முடியுமா என்பது. விக்ஸின் லைட் திட்டத்தில் 2 ஜிபி இடம் உண்டு, உங்கள் கடைப் பெயரில் வாங்கும் இணைய முகவரியான டொமைனையும் இணைக்கலாம். ஆனால் ஆன்லைனில் பணம் பெறும் வசதி கிடையாது. அதற்கு அடுத்த படியான கோர் திட்டம் வேண்டும். பொருள்களையெல்லாம் ஏற்றி முடித்த பிறகு கடைசிக் கட்டத்தில்தான் பலருக்கு இது தெரிகிறது.

அடுத்த தவறு இதைவிடப் பெரியது. திட்டத்தில் கடை வசதி இருக்கிறது என்று எழுதியிருந்தாலும், உங்கள் நாட்டில் அது எந்த பேமென்ட் நிறுவனம் வழியாக வேலை செய்யும் என்று பார்க்காமல் விடுவது. ஸ்குவேர்ஸ்பேஸ் கடைகள் பெரும்பாலும் ஸ்ட்ரைப், பேபால் ஆகியவற்றை நம்பியிருக்கின்றன. இந்தியாவில் பேபால் உள்நாட்டுப் பரிவர்த்தனையை 2021 ஏப்ரல் 1 முதல் நிறுத்திவிட்டது. ஸ்ட்ரைப் 2024 முதல் அழைப்பு பெற்றவர்களுக்கு மட்டுமே புதுக் கணக்கு தருகிறது. அதனால் மதுரையில் இருந்துகொண்டு சேலத்து வாடிக்கையாளரிடம் யூபிஐயில் பணம் வாங்க நினைப்பவர், அங்கே எவ்வளவு உயர்ந்த திட்டம் வாங்கினாலும் அதே இடத்தில்தான் சிக்கி நிற்பார். சோதனைக் காலத்திலேயே Settings பகுதியில் Payments பக்கத்தைத் திறந்து, நாட்டை இந்தியா என்று வைத்து, பட்டியலில் யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். ஐந்து நிமிட வேலைதான்.

வாடிக்கையாளரிடம் பணத்தை வாங்கி உங்கள் வங்கிக் கணக்குக்கு அனுப்பும் இந்திய பேமென்ட் கேட்வேக்களை ஷாப்பிஃபையில் இணைக்கலாம். அதற்கு ஒரு விலை இருக்கிறது. ஷாப்பிஃபையின் சொந்த பேமென்ட் சேவை இந்தியாவில் இல்லாததால், வெளி கேட்வே வழியாக வரும் ஒவ்வொரு ஆர்டருக்கும் அது தனியாக ஒரு கட்டணம் எடுக்கிறது: பேசிக் திட்டத்தில் 2 சதவீதம், அடுத்த திட்டத்தில் 1 சதவீதம். கேட்வேயின் கட்டணம் இதோடு சேராது, அது வேறு.

1,200 ரூபாய் சேலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். கேட்வே 2 சதவீதம் வாங்கினால் 24 ரூபாய், அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 4.32 ரூபாய், ஆக 28.32. பேசிக் திட்டத்தில் ஷாப்பிஃபைக்கு இன்னொரு 24 ரூபாய். ஒரு சேலையில் 52 ரூபாய் போய்விடுகிறது. சேலை ஒன்றுக்கு 150 ரூபாய்தான் லாபம் என்றால், அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இது.

அப்படியானால் மேல் திட்டத்துக்குப் போக வேண்டியதுதானே என்று கேட்கலாம். அதற்கும் கணக்குப் போட வேண்டும். இரண்டு திட்டங்களின் மாத விலை வித்தியாசத்தை 100 ஆல் பெருக்குங்கள். வித்தியாசம் 4,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் விடை 4,00,000. மாதம் நான்கு லட்சம் ரூபாய்க்கு ஆன்லைனில் பணம் வந்தால்தான், மிச்சமாகும் 1 சதவீதம் அந்த 4,000 ரூபாயை ஈடுகட்டும். மாதம் 250 சேலை, அதாவது மூன்று லட்சம் விற்கும் கடைக்கு 3,000 ரூபாய்தான் மிச்சமாகும். மேல் திட்டம் வாங்கினால் மாதம் 1,000 ரூபாய் நஷ்டம்.

இங்கே பலர் தவறவிடுவது கேஷ் ஆன் டெலிவரி. கையில் வாங்கும் பணத்துக்கு ஷாப்பிஃபை இந்தக் கட்டணத்தை எடுப்பதில்லை. உங்கள் விற்பனையில் 40 சதவீதம் அப்படி வந்தால், மொத்த விற்பனை ஏறத்தாழ 6,67,000 ரூபாயைத் தொடும்வரை பேசிக் திட்டமே லாபம். விலைப் பக்கத்தில் இந்தக் கணக்கு இருக்காது. நீங்கள்தான் போட வேண்டும்.

சேமிப்பிடத்துக்கு வருவோம். 80 சேலை, ஒவ்வொன்றுக்கும் 4 படம் என்றால் 320 படம். போனில் எடுத்த படம் ஒன்று 4 எம்பி வரும். அப்படியே ஏற்றினால் 1.3 ஜிபி. 500 எம்பி தரும் விக்ஸின் இலவசத் திட்டம் பாதியிலேயே நிரம்பிவிடும். அதே படங்களை 1,600 பிக்சல் அகலத்துக்குக் குறைத்து ஜேபெக்காகச் சேமித்தால் ஒன்று 250 கேபி அளவில் நிற்கும். மொத்தம் 80 எம்பி. ஜரிகையின் நெசவு தெரிய அந்த அகலம் போதும். இன்னொன்று: பக்கத்தில் இருந்து ஒரு படத்தை எடுத்துவிட்டாலும் மீடியா நூலகத்தில் அது இருந்துகொண்டே இருக்கும். இடம் தீர்ந்துவிட்டது என்று செய்தி வந்தால், மேல் திட்டம் வாங்கும் முன் அங்கே போய்ப் பாருங்கள்.

பேண்ட்வித் என்பது பார்க்க வருபவர்களுக்கு உங்கள் தளம் அனுப்பும் தரவின் அளவு. அந்தக் கணக்கும் இதே படங்களைப் பொறுத்ததுதான். ஒரு பக்கம் 2.5 எம்பி, ஒருவர் 4 பக்கம் பார்க்கிறார், நாளுக்கு 100 பேர் வருகிறார்கள் என்றால் நாளுக்கு 1 ஜிபி, மாதத்துக்கு 30 ஜிபி. மாத வரம்பு 10 ஜிபி உள்ள திட்டமானால் பத்தாம் தேதியிலேயே தீர்ந்துவிடும். பக்கத்தை 800 கேபிக்குக் கொண்டுவந்தால் அதே கூட்டத்துக்கு மாதம் 10 ஜிபிக்குள் முடியும். 100 எம்பி வீடியோ ஒன்றை நேரடியாக ஏற்றி, அதை 50 பேர் பார்த்தால் 5 ஜிபி. வீடியோவை யூடியூபில் போட்டுப் பக்கத்தில் பதித்தால் உங்கள் கணக்கில் ஏறாது.

டொமைன் விஷயத்தில் 'இலவச டொமைன்' என்ற சொல்லை நம்பித்தான் பலர் ஆண்டுத் திட்டம் எடுக்கிறார்கள். இலவசம் முதல் ஆண்டுக்கு மட்டும். தவிர, ஆண்டுத் தொகையைக் கட்டிய பிறகு பேமென்ட் சிக்கல் தெரிந்தால் பணம் மாட்டிக்கொள்ளும். முதல் மாதம் மாதத் திட்டத்திலேயே இருந்து, 10 ரூபாய்ப் பொருள் ஒன்றை வைத்து நீங்களே யூபிஐயில் வாங்கி, அந்தப் பணம் வங்கிக் கணக்குக்கு எப்போது, எவ்வளவு வருகிறது என்று பார்த்த பிறகு ஆண்டுக்கு மாறுங்கள். டொமைனைத் தனியாக, டொமைன் விற்கும் ஒரு பதிவாளரிடம் உங்கள் மின்னஞ்சலிலேயே வாங்கி வைத்தால், பின்னால் தளம் மாற்றுவது எளிது.

ஏற்கெனவே டொமைனும் அதில் மின்னஞ்சலும் வைத்திருப்பவர்கள், டொமைனின் பதிவுகளை வைத்திருக்கும் நேம்சர்வரையே மாற்றச் சொல்லும் வழியைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்ற வேண்டாம். நேம்சர்வர் மாறினால், மின்னஞ்சல் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் MX பதிவுகள் பழைய இடத்திலேயே நின்றுவிடும். தளம் நன்றாகத் திறக்கும், மின்னஞ்சல் மட்டும் வராது. ஆர்டர் விசாரிப்பு வருவது நின்ற பிறகுதான் கவனிப்பீர்கள். நேம்சர்வரை விட்டுவிட்டு, டொமைனைத் திறந்தால் எந்தத் தளம் வர வேண்டும் என்று சொல்லும் A, CNAME என்ற இரண்டு பதிவுகளை மட்டும் மாற்றினால் போதும். ஷாப்பிஃபைக்கு அவை:

```
A      @     23.227.38.65
CNAME  www   shops.myshopify.com
```

பழைய தளத்தின் A பதிவை நீக்காமல் இதைச் சேர்த்தால் இரண்டும் இருக்கும். ஒரு முறை புதிய கடை திறக்கும், இன்னொரு முறை பழைய பக்கம் திறக்கும். அப்படி மாறி மாறி வந்தால், @ என்ற பெயரில் எத்தனை A பதிவுகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள், ஒன்றுதான் இருக்க வேண்டும். மாற்றம் எல்லா இடத்துக்கும் பரவ 48 மணி நேரம் வரை ஆகலாம். அதனால் தீபாவளி விற்பனை தொடங்கும் வாரத்தில் இந்த வேலையில் கை வைக்காதீர்கள்.