நட்டத்தில் நிற்கும் டிரேடை எந்த விலையில் விடுவது? வாங்கும் முன்பே சார்ட்டில் குறித்து வைக்கும் முறை

200-இல் வாங்கிய பங்கு 191-க்கு இறங்கிவிட்டது. விற்கலாமே என்றால் பெரும்பாலானவர்கள் சொல்லும் பதில் இதுதான்: "200 வரட்டும், போட்ட பணம் கைக்கு வந்ததும் வெளியே வந்துவிடுகிறேன்." இந்த 200 உங்கள் கணக்கில் மட்டும் இருக்கிற எண். நீங்கள் எந்த விலையில் வாங்கினீர்கள் என்று சந்தையில் வேறு யாருக்கும் தெரியாது. பங்கு நாளை ஏறுமா இறங்குமா என்பதில் அதற்கு எந்தப் பங்கும் இல்லை. ஆனாலும் விற்பதா வேண்டாமா என்பதை அந்த எண்ணே முடிவு செய்துவிடுகிறது.

போட்ட பணம் போட்டதுதான், இனி எடுக்கும் முடிவில் அதற்கு வேலை இல்லை என்பது கணக்கு. மனம் இதை ஏற்பதில்லை. விற்றால் நட்டம் உறுதியாகிவிடும், வைத்திருந்தால் இன்னும் ஆகவில்லை என்று அது நம்புகிறது. இத்துடன் இன்னொன்றும் சேர்கிறது. உளவியலாளர்கள் டேனியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி இருவரும் 1979-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரே அளவு லாபம் தரும் மகிழ்ச்சியைவிட அதே அளவு நட்டம் தரும் வலி பெரிது. 1992-இல் அவர்கள் கணக்கிட்டபோது அது இரண்டு மடங்குக்குச் சற்று மேலாக, சுமார் 2.25 ஆக வந்தது. வர்த்தகருக்கு அதைவிட முக்கியமான ஒன்றும் அந்த ஆய்வில் இருக்கிறது. நட்டத்துக்குள் போய்விட்ட மனிதர், எப்படியாவது சமன் செய்துவிடலாம் என்று, வழக்கமாக எடுக்காத ஆபத்தை எடுப்பார். அதோடு நட்டம் கூடக் கூட, அடுத்த அடி முதல் அடி அளவுக்கு வலிக்காது. 200-லிருந்து 191-க்கு வந்தபோது தூக்கம் கெட்டவர், 181-லிருந்து 172-க்குப் போகும்போது மரத்துப்போய் உட்கார்ந்திருப்பது இதனால்தான்.

இதன் விலை என்ன என்பதை நிதி ஆய்வாளர் டெரன்ஸ் ஒடீன் 1998-இல் காட்டினார். ஒரு தரகு நிறுவனத்தின் 10,000 கணக்குகளை அலசியதில், மக்கள் லாபத்தில் இருந்த பங்குகளைச் சீக்கிரம் விற்று, நட்டத்தில் இருந்தவற்றைப் பிடித்து வைத்திருந்தார்கள். விற்ற லாபப் பங்குகள், பிடித்து வைத்திருந்த நட்டப் பங்குகளைவிட அடுத்த ஓராண்டில் சராசரியாக 3.4 சதவீதப் புள்ளிகள் கூடுதலாக ஏறியிருந்தன.

நட்டத்தில் இருக்கும்போது நம் மனம் நல்ல நீதிபதி அல்ல. அதனால் தீர்ப்பை வாங்குவதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். எப்படி என்று ஒரே ஒரு டிரேடை வைத்துப் பார்ப்போம்.

படி 1: வாங்கும் காரணத்தை ஒரு வாக்கியத்தில் எழுதுங்கள்

நாள் சார்ட். பங்கு 182-இல் அடித்தளம் போட்டு 214 வரை ஏறியது. அங்கிருந்து இறங்கி 194-இல் நின்று, இப்போது 200-க்குத் திரும்பியிருக்கிறது. 194 என்ற புதிய தாழ்வு பழைய தாழ்வான 182-ஐவிட உயரத்தில் இருக்கிறது. ஏற்றப் போக்கின் அடையாளமே இதுதான், ஒவ்வொரு தாழ்வும் முந்தையதைவிட மேலே அமைவது.

எழுத வேண்டிய வாக்கியம்: "194-இல் உயர்ந்த தாழ்வு அமைந்துவிட்டது, அதனால் விலை மறுபடி 214-ஐ நோக்கிப் போகும் என்று நினைத்து 200-இல் வாங்குகிறேன்."

"நல்ல கம்பெனி", "ரொம்ப இறங்கிவிட்டது" போன்றவை இந்த இடத்தில் உதவாது. எந்த விலையில் அவை பொய்யாகும் என்று சொல்ல முடியாது. பொய்யாக முடியாத காரணத்தை வைத்து வாங்கினால் வெளியே வரவும் காரணம் கிடைக்காது.

படி 2: அந்த வாக்கியம் எந்த விலையில் பொய்யாகிறது?

இதைத்தான் இன்வாலிடேஷன் என்கிறார்கள். நம் கணிப்பு செல்லாது என்று சார்ட்டே சொல்லும் இடம். இங்கே அது 194. விலை அதற்குக் கீழே போய்விட்டால் "உயர்ந்த தாழ்வு அமைந்துவிட்டது" என்ற பேச்சுக்கே இடமில்லை. 182 இன்னும் உடையவில்லையே என்று கேட்கலாம். உண்மைதான், பெரிய ஏற்றம் உயிரோடு இருக்கக்கூடும். ஆனால் நீங்கள் வாங்கியது 194-ஐ நம்பி. அது போனதும் உங்கள் காரணம் போய்விட்டது.

ஆரம்பத்தில் பலர் இதற்குப் பதிலாக "2 சதவீதம் இறங்கினால் விற்றுவிடுவேன்" என்று வைத்துக்கொள்கிறார்கள். 200-லிருந்து 2 சதவீதம் என்றால் 196. இந்தச் சார்ட்டில் 196-க்கு எந்த அர்த்தமும் கிடையாது. விலை சாதாரணமாக ஆடுகிற இடத்துக்குள்ளேயே அது இருக்கிறது. அங்கே ஸ்டாப் லாஸ், அதாவது நட்டத்தை நிறுத்த முன்பே குறித்து வைத்த விற்பனை விலை, அடிபட்டு, அப்புறம் பங்கு ஏறிப்போவதை இரண்டு மூன்று முறை பார்த்தவர், ஸ்டாப் லாஸே வேண்டாம் என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார். பெரிய நட்டங்கள் பல அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

படி 3: சற்றுக் கீழே இடம் விடுங்கள்

ஸ்டாப் லாஸைச் சரியாக 194-இல் வைத்தால் விலை சற்று நேரம் கீழே போய்த் திரும்பும் ஒரு சின்ன வால் கூட உங்களை வெளியே தள்ளிவிடும். எவ்வளவு இடம் விடலாம் என்பதற்கு ஏடிஆர் கைகொடுக்கும். கடந்த 14 நாட்களில் விலை ஒரு நாளில் சராசரியாக எவ்வளவு ஆடியது என்பதைக் காட்டும் அளவு அது. எல்லாச் சார்ட் மென்பொருளிலும் இருக்கிறது. நம் பங்கில் அது 4 என்று வைத்துக்கொள்வோம். நான் அதில் பாதியை விடுவேன். 194-லிருந்து 2 கழித்தால் ஸ்டாப் லாஸ் 192. இந்தப் பாதி என்பது என் பழக்கம், சட்டம் அல்ல. ஒரே அளவை எல்லா டிரேடுக்கும் வைத்துக்கொள்வதுதான் முக்கியம்.

படி 4: எத்தனை பங்கு என்பதைக் கடைசியில் கணக்கிடுங்கள்

கணக்கில் 1,00,000 இருக்கிறது, ஒரு டிரேடில் அதிகபட்சம் 1 சதவீதம், அதாவது 1,000 போனால் தாங்குவேன் என்று வைத்துக்கொள்வோம். எந்த நாட்டுப் பணமானாலும் கணக்கு ஒன்றுதான்.

```
பங்குகள் = தாங்கும் நட்டம் / (வாங்கும் விலை - ஸ்டாப் லாஸ்)
         = 1000 / (200 - 192)
         = 125
```

125 பங்குகள். ஏறினால் 214 வரை பங்குக்கு 14 கிடைக்கும், மொத்தம் 1,750.

பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் 500 பங்கு வாங்கிவிட்டு, அப்புறம் 192 வரை போனால் 4,000 போய்விடுமே என்று பயந்து ஸ்டாப் லாஸை 198-க்கு ஏற்றுகிறார்கள். ஸ்டாப் லாஸ் எங்கே என்பதைச் சார்ட் சொல்லட்டும். தூரம் அதிகமாக இருந்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள்.

படி 5: வாங்கிய உடனே ஆர்டரையும் போட்டுவிடுங்கள்

விலை 192-க்கு இறங்கினால் மட்டும் விற்கும் ஸ்டாப் லாஸ் ஆர்டர் தரகரிடம் காத்திருக்க வேண்டும். "மனதில் இருக்கிறது" என்பது போதாது. அந்த விலை வரும்போது மனம் எப்படி வேலை செய்யும் என்பதைத்தான் மேலே பார்த்தோம்.

பிறகு நடப்பது

முதல் நாள் 203. அடுத்து 197. மூன்றாம் நாள் நடுவில் 193.2 வரை போய், 195-இல் முடிகிறது. 194 தொடப்பட்டாலும் நாம் விட்ட இடத்துக்குள்தான், டிரேட் நிற்கிறது. நான்காம் நாள் விலை 192-ஐ உடைக்கிறது, ஆர்டர் 191.8-இல் நிறைவேறுகிறது. நட்டம் 8.2 × 125 = 1,025.

இதே இடத்தில் வெளியே வராதவரைப் பார்ப்போம். அவர் 184-இல் மேலும் 125 பங்குகள் வாங்குகிறார். சராசரி 192-க்கு இறங்கிவிட்டது, இப்போது 192 வந்தாலே போதும் என்று ஆறுதல். ஆனால் கையில் 250 பங்குகள். ஒவ்வொரு புள்ளி இறக்கத்துக்கும் முன்பு 125 போனது, இப்போது 250 போகிறது. 182-உம் உடைந்து விலை 176-க்கு வரும்போது நட்டம் 16 × 250 = 4,000. 192-இல் வெளியே வந்தவருக்கு நட்டத்தை ஈடுகட்ட 1,750 தரும் ஒரு நல்ல டிரேட் போதும். இவருக்கு இரண்டு போதாது.

முன்பே திட்டமிட்டுப் பிரித்து வாங்குவது வேறு விஷயம். அங்கே மொத்த எண்ணிக்கையும், எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே ஸ்டாப் லாஸும் முதல் நாளே முடிவாகியிருக்கும். வாங்கும் காரணம் பொய்த்த பிறகு, வலியைக் குறைக்க வாங்குவதைத்தான் தவறு என்கிறேன்.

ஸ்டாப் லாஸ் கோட்டைக் கீழே நகர்த்துகிறோம் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

நேராக யாரும் "விதியை மீறுகிறேன்" என்று செய்வதில்லை, நியாயமாகத் தெரியும் ஒரு வழியில்தான் நடக்கும். நான் அதிகம் விழுந்தது டைம்ஃபிரேம் மாற்றுவதில். நாள் சார்ட்டில் வாங்கியிருப்பேன், 194 உடைந்ததும் வாரச் சார்ட்டைத் திறப்பேன், அங்கே 170-இல் ஒரு சப்போர்ட், அதாவது இறக்கம் முன்பு நின்ற விலை, தெரியும். பெரிய சார்ட்டில் எப்போதும் கீழே ஏதாவது ஒரு சப்போர்ட் இருக்கும்! அது பொய்யான கோடும் அல்ல. ஆனால் 170-ஐ நம்பி வாங்குவதாக இருந்தால் 30 புள்ளி தூரத்துக்கு 33 பங்குகள்தான் வாங்கியிருப்பேன். 125 பங்கை வைத்துக்கொண்டு 170 வரை காத்திருந்தால் ஆபத்து 1,000 அல்ல, 3,750.

அதனால் படி 1-இல் எழுதிய வாக்கியத்துக்குப் பக்கத்தில் டைம்ஃபிரேமையும் எழுதிவிடுங்கள். ஸ்டாப் லாஸ் மேலே போகலாம். கீழே போகக் கூடாது.

இந்த முறையால் முடியாதவை

சில நேரம் 192-இல் வெளியே வந்த மறுநாளே பங்கு 199-க்குத் திரும்பிவிடும். கோபம் வரும், ஆனால் அது முறையின் தவறு அல்ல. மறுபடி வாங்கலாம், புது வாக்கியம், புது இன்வாலிடேஷன், புதுக் கணக்கோடு. போன 1,025-ஐ மீட்பதற்காக வாங்கினால் பழைய நோய் புது டிரேடுக்குள் வந்துவிட்டது என்று அர்த்தம்.

இன்னொன்று கேப். முந்தைய நாள் 195-இல் முடிந்து, மறுநாள் 185-இல் திறந்தால் 192-இல் போட்ட ஆர்டர் 185-ஐ ஒட்டித்தான் நிறைவேறும். நட்டம் 1,875 ஆகிவிடும். 2015 ஜனவரி 15 அன்று சுவிஸ் மத்திய வங்கி தன் நாட்டுப் பணமான பிராங்குக்கு யூரோவுக்கு எதிராக வைத்திருந்த விலை வரம்பைத் திடீரென்று நீக்கியபோது, பல ஸ்டாப் லாஸ்கள் குறித்த விலையிலிருந்து வெகு தொலைவில் நிறைவேறின. நிதி முடிவுகள் வரும் நாளுக்கு முன் எண்ணிக்கையைக் குறைப்பது இதனால்தான்.

ஸ்டாப் லாஸே இல்லாமல் ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு

திரையில் சராசரி விலையும் லாப நட்டமும் காட்டும் பகுதியை மறைத்துவிடுங்கள். வெறும் சார்ட் மட்டும் இருக்கட்டும். இந்தப் பங்கு உங்களிடம் இல்லை, அதன் மதிப்புக்குப் பணம் கையில் இருக்கிறது என்று வைத்து, இன்றைய விலையில் வாங்குவதற்கு ஒரு வாக்கியம் எழுத முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் விற்பதுதான் பதில். முடிகிறது என்றால் இன்றைய விலையை வாங்கிய விலையாகக் கொண்டு படி 2-லிருந்து செய்யுங்கள். கணக்கு 60 பங்கு என்று சொல்லி, கையில் 200 இருந்தால், 140-ஐ இன்றே விற்றுவிட்டு மீதி 60-க்கு ஸ்டாப் லாஸ் ஆர்டரைப் போடுங்கள்.