சாறி மட்டும் மாறவேணும்

திருகோணமலையில் கோணேசர் கோயிலடியில் எடுத்த படத்தில் தன் வெள்ளைச் சாறியைப் பட்டாக்கச் சொன்னா அக்கா. ஏஐ தந்த பட்டு வடிவுதான், ஆனால் முகம் வேறு யாரோ! அது முழுப்படத்தையுமே திரும்ப வரைந்திருந்தது.

மூலப்படத்தின் மேல் புதியதை லேயராக வைத்து, இரண்டுக்குமுள்ள வித்தியாசத்தை மட்டும் காட்டும் Difference கலப்பு முறைக்கு மாற்றினேன். பொருந்தினால் பின்னணி கறுக்கும். பாறை விளிம்பிலோ வெளிச்சக் கோடு. இரண்டு பிக்சல் நகர்த்த மறைந்தது. பிறகு Normal-க்கு மாற்றி, புதிய லேயரை முழுதாய் மறைக்கும் கறுப்பு மாஸ்க் போட்டு, சாறியை மட்டும் வெள்ளைத் தூரிகையால் திறந்தேன்.

தோளில் விழுந்த முடிதான் பாடாய்ப்படுத்தியது. மூலப்படத்தின் பிரதியொன்றை எல்லாவற்றுக்கும் மேலே Multiply ஆக்கி, அந்த முடிப்பகுதியை மட்டும் மாஸ்க்கில் திறந்தேன். வெள்ளை மறைய, கருமுடி பட்டின்மேல் தங்கியது. பழைய சாறி கறுப்பென்றால் இது சரிவராது. கடைசியாக, முடித்த படத்தை மூலத்தோடு மறுபடி Difference-இல் பார்த்தேன். சாறி மட்டுமே ஒளிர்ந்தது.