வெள்ளை எழுத்தை விழுங்கிய வேட்டிகள்

நல்லூர்த் தேர்த்திருவிழாப் படத்தின் மேல் தண்ணீர்ப்பந்தல் அறிவித்தலை வெள்ளை எழுத்தில் போட்டேன். ஃபோனில் பார்த்தால் வாசிக்கவே முடியவில்லை. மூன்று நாள் மினக்கெட்டேன். மங்கலாக்கினால் கூட்டம் கரைந்தது. கறுப்பு ஓவர்லே போட்டால் படம் சேறாகியது.

அப்புறம் படத்தின் இருட்டுக்கு ஒரு நிறமும் வெளிச்சத்துக்கு இன்னொரு நிறமும் தரும் கிரேடியன்ட் மேப்பில் கருநீலமும் கிரீமும் கொடுத்தேன். சேலைகளின் நிறச்சண்டை அடங்கியது, ஆனால் வேட்டிகள் மேல் வந்த எழுத்து மட்டும் இன்னும் தெரியவில்லை. கிரேடியன்ட் மேப் நிறத்தைப் பார்ப்பதில்லை, வெளிச்சத்தை மட்டுமே பார்க்கும். வேட்டிதான் படத்தில் மிக வெளிச்சமான இடம். அதற்குக் கிரீம் போய்விட்டது.

வெளிச்சத்துக்கான வலது முனையை நீலப்பச்சை #2F6F7E ஆக மாற்றினேன், இருட்டுக்கான இடது முனை கருநீலம் #0B1F3A. இப்போது வேட்டியே நடுத்தர நீலப்பச்சைதான். எழுத்து எங்கே விழுந்தாலும் தெளிவு. கிரேடியன்ட் மேப் லேயர் எழுத்துக்குக் கீழே இருக்க வேண்டும், மேலே போனால் எழுத்தும் நீலப்பச்சையாகிவிடும்.