மலை நகரங்களில் தெருவோர வியாபாரச் சான்றிதழ் கேட்பவர்களுக்கு

நகராட்சியில் தெருவோர வியாபாரச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுக்கும்போது, 'ஏரி அருகில்' என்று பொதுவாக எழுதாமல், நிலையான வியாபாரி என்ற வகையைக் குறித்து, இடத்தை மாறாத அடையாளத்துடன் எழுதுங்கள். கொடைக்கானலில் வேகவைத்த சோளம் விற்பவரானால், 'ஏரிச்சாலை, படகு இல்லத்துக்கு எதிர்ப்புறம், இன்ன எண் மின்கம்பத்தின் அடியில்' என்று எழுதி, கடையும் கம்பமும் சேர்ந்து தெரியும் படத்தையும் கையிலிருக்கும் பழைய தரைக்கடைச் சுங்க ரசீதுகளையும் இணைத்து, தேதியிட்ட ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

தெருவோர வியாபாரிகளுக்கான 2014ஆம் ஆண்டுச் சட்டம் நிலையான வியாபாரிக்கும் நடமாடும் வியாபாரிக்கும் தனித்தனி வகைச் சான்றிதழை வகுத்திருப்பதால், தள்ளுவண்டியைப் பார்த்ததும் நடமாடும் வகையில் பதிந்துவிட்டால் நிலையான இடம் கேட்பது கடினமாகிவிடும்; வியாபாரிகளைக் கணக்கெடுக்க வருபவர் எழுதியதை அங்கேயே படித்துப் பார்ப்பது அவசியம். ஒரு பகுதியில் கொள்ளளவை மீறி வியாபாரிகள் இருந்தால் குலுக்கல் நடத்தி, மீதமுள்ளோருக்கு அடுத்த பகுதியில் இடம் தர வேண்டும் என்பதும் அச்சட்டத்தில் இருப்பதால், உங்களுக்கு ஒத்துவரும் பக்கத்து இடத்தையும் இரண்டாவது விருப்பமாக எழுதிவிடுங்கள்.

குன்னூர், உதகை ரயில் நிலையங்களை ஒட்டிய ரயில்வே நிலத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. வியாபாரம் கூடாத பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடத்தையும் இப்படிக் கேட்டுப் பெற முடியாது.