ரிங் போகுது, குரல் வரலை: துபாய், ஷார்ஜா வரும் கடலூர்க்காரர்களுக்கு

சிம் வாங்குவது பெரிய வேலை இல்லை, பாஸ்போர்ட்டைக் காட்டினால் கிடைத்துவிடும். எமிரேட்ஸ் ஐடி கைக்கு வந்ததும் அதையும் சிம்மோடு பதிந்துகொள்ளுங்கள். ஊர் நம்பரில் இருக்கும் வாட்ஸ்அப்பை மாற்ற வேண்டாம், இங்கத்து டேட்டாவிலும் அதுவே ஓடும். ஆளைக் கவிழ்ப்பது முதல் ராத்திரி வீட்டுக்குப் போடும் கால்தான்.

ஷார்ஜாவில் மணி 9, மஞ்சக்குப்பத்தில் 10.30. மகன் வாட்ஸ்அப் காலை அழுத்துகிறான். திரையில் முதலில் Calling, பிறகு Ringing. அம்மா எடுத்துவிடுகிறார். உடனே Connecting என்று வந்து அங்கேயே நிற்கிறது. இரண்டு பக்கமும் "ஹலோ, ஹலோ", பிறகு கட். மறுநாள் அம்மா போனைத் தூக்கிக்கொண்டு திருப்பாதிரிப்புலியூர் கடைக்குப் போவார். அந்தப் போனில் ஒரு கோளாறும் கிடையாது.

அந்த மூன்று சொற்களிலேயே விஷயம் இருக்கிறது. Calling மட்டும் நின்றால் அழைப்பு எதிர்ப்பக்க போனுக்குப் போய்ச் சேரவில்லை, பெரும்பாலும் அங்கே நெட் இல்லை. Ringing வந்தால் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. எடுத்த பிறகும் Connecting என்றால் குரலுக்குப் பாதை கிடைக்கவில்லை. மணி அடிக்கச் சொல்லும் தகவல் சாதாரண மெசேஜ் போகிற வழியில் போகிறது. குரல் யுடிபி என்ற வேறு வழியில் போகிறது. அமீரகத்தில் மெசேஜுக்குத் தடை இல்லை, வாட்ஸ்அப் காலுக்குத்தான் தடை. போட்டோ, வாய்ஸ் நோட் எல்லாம் ஃபைலாகப் போவதால் தடையில்லாமல் போகும். தடை இந்தப் பக்கம் இருப்பதால், நெட்டை வேறு நாட்டு சர்வர் வழியாகச் சுற்றி அனுப்பி, நெட்டில் போனின் அடையாளமான ஐபி முகவரியை மாற்றிக் காட்டும் விபிஎன்னைக் கடலூரில் அம்மா போனில் போட்டு ஒரு பயனும் இல்லை.

இந்த நேரத்தில்தான் ரூமில் ஒருவர், "இந்த ஃப்ரீ விபிஎன்னைப் போடு தம்பி" என்பார். அதைக் கேட்காதீர்கள். அமீரகத்தின் 2021-ஆம் ஆண்டு 34-ஆம் எண் சட்டம், 10-ஆம் பிரிவு: குற்றம் செய்யவோ அதை மறைக்கவோ ஐபி முகவரியை மாற்றிக் காட்டினால் சிறை, அல்லது 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹாம் வரை அபராதம், அல்லது இரண்டும். தடை செய்த காலைத் திறக்க விபிஎன் போடுவதும் இதற்குள் வரும் என்றே நினைத்து நடந்துகொள்ளுங்கள். கம்பெனி தன் வேலைக்குக் கொடுக்கும் விபிஎன் வேறு. அதில் வீட்டுக் காலைப் போடாதீர்கள்.

இவ்வளவு ஆபத்தை எடுத்தாலும் பேச்சு ஒழுங்காக வருவதில்லை. குரல் சின்னச் சின்னத் துண்டாகப் போகிறது. யுடிபியில் ஒரு துண்டு தொலைந்தால் ஒரு சின்ன வெட்டு, அவ்வளவுதான். நெட்வொர்க் யுடிபியை அடைத்தால் பல விபிஎன்கள் தாமாகவே டிசிபி என்ற இன்னொரு வழிக்கு மாறிவிடும். டிசிபியில் தொலைந்த துண்டு திரும்ப வரும்வரை பின்னால் வருவதெல்லாம் வரிசையில் நிற்கும். இரண்டு விநாடி அமைதி, பிறகு எல்லாம் மொத்தமாக வந்து விழுகிறது என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். பேசிக்கொண்டே வைஃபையை விட்டு பால்கனிக்குப் போனால் போன் மொபைல் டேட்டாவுக்கு மாறும், விபிஎன் அறுந்து மறுபடி ஒட்டும், திரையில் Reconnecting வரும். காசு வாங்காத விபிஎன்னில் ஒரே சர்வரில் ஏகப்பட்ட பேர் தொங்குவார்கள், ராத்திரி 9 மணிக்கு அது இன்னும் மோசம்.

நேர்வழி இருக்கிறது. BOTIM மாதிரி அமீரகம் அனுமதித்த ஆப்களில் விபிஎன் இல்லாமலே பேசலாம். தனி இன்டர்நெட் காலிங் பேக் வேண்டுமா என்று சிம் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். இரண்டு போனிலும் அதே ஆப் இருக்க வேண்டும், புது ஆட்கள் தவறுவது இங்கேதான். பழைய ஆட்கள் imo என்பார்கள்; அதை 2023-இல் இந்தியா தடை செய்தது, ஊர்ப்பக்கம் அதை நம்ப முடியாது.

ஆகவே பஸ் ஏறுவதற்கு முன்பே அம்மா போனில் ஆப்பைப் போட்டு, அவர் நம்பருக்கு வரும் ஓடிபியை நீங்களே அடித்துக் கொடுங்கள். மைக் அனுமதி கேட்கும்போது Allow கொடுங்கள். மறுத்தால் நீங்கள் பேசுவது அவருக்குக் கேட்கும், அவர் பேசுவது உங்களுக்குக் கேட்காது. சில ஆண்ட்ராய்டு போன்கள் பேட்டரி மிச்சத்துக்காக பின்னால் ஓடும் ஆப்பைத் தூங்க வைத்துவிடும், மணியே அடிக்காது. செட்டிங்ஸில் அந்த ஆப்புக்கு Autostart இருந்தால் ஆன் செய்து, பேட்டரியை Unrestricted ஆக்குங்கள். பிறகு அம்மா போனைப் பூட்டி அலமாரியில் வைத்து அரை மணி நேரம் கழித்து மாடியிலிருந்து கூப்பிட்டுப் பாருங்கள். மணி அடித்தால் ஷார்ஜாவிலிருந்து கூப்பிட்டாலும் அடிக்கும்.