மழை மாதங்களிலும் ஐஸ்கிரீம் பிராண்ட் கடையில் நிலைத்திருக்க என்ன செய்யலாம்?

சித்திரைத் திருவிழா நேரத்து மதுரை வெயிலில் ஐஸ்கிரீமுக்கு விளம்பரமே வேண்டாம். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபரிலிருந்து மார்கழி முடியும் வரையில்தான் சிறிய பிராண்டுகள் மறக்கப்படுகின்றன. அந்த மாதங்களில் சுவரொட்டியைவிட, கடைகளில் நீங்கள் வைத்திருக்கும் ஃப்ரீசரைக் காப்பாற்றுவதே முதல் வேலை என்பேன். விற்பனை குறைந்ததும் கடைக்காரர் மின்கட்டணத்தை நினைத்து இரவில் அதை அணைத்துவிடுவார். அல்லது குளிரைக் குறைத்துவைத்துப் பால் பாக்கெட்டையும் தோசை மாவையும் அடுக்கிவிடுவார்.

முதல் படியாக, செப்டம்பர் கடைசியிலேயே ரகங்களைக் குறையுங்கள். திருமங்கலத்தில் ஒரு மளிகைக் கடையை எடுத்துக்கொள்வோம். மே மாதத்தில் அங்கே 20 ரகம் வைத்திருந்தால், மழைக்காலத்துக்கு வெனிலா, சாக்லேட் கப்புகள், ஒரு கோன், குல்பி, குச்சி ஐஸ், அரை லிட்டர் டப்பா ஆகிய ஆறு போதும். தெருவில் நின்று சாப்பிடத் தயங்குபவர்களும் வீட்டில் சூடான குலாப் ஜாமூனோடு வெனிலாவைச் சாப்பிடுவார்கள் என்பதால், அந்த டப்பாவைத் தீரவிடாதீர்கள். காலியான இடத்தில் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பிய பாட்டில்களை உறையவைத்தால், மின்வெட்டின்போது குளிர் கூடுதல் நேரம் நிற்கும்.

இரண்டாவது படி, மின்கட்டணத்தில் பங்கெடுப்பது. ஃப்ரீசர் நாளொன்றுக்கு 3 யூனிட் இழுப்பதாக வைத்துக்கொண்டால் மாதத்துக்கு 90 யூனிட் ஆகிறது. அதில் பாதிக்கான தொகையை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பில்லிலேயே கழித்துக்கொடுத்து, இரவும் பகலும் அணைக்கக் கூடாது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

அப்படியும் அணைக்கப்படுகிறதா என்பதை, சரக்கு போடச் செல்லும்போது ஒரு குச்சி ஐஸை உறையோடு தடவிப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். ஓரங்கள் மழுங்கி, குச்சி ஒரு பக்கம் சாய்ந்து உறைந்திருந்தால், அது ஒருமுறை இளகி மீண்டும் இறுகியிருக்கிறது. இளகிய நீர் மறுபடி உறையும்போது பனித்துகள்கள் பெரிதாவதால் கப் ஐஸ்கிரீமும் நாக்கில் நறநறவென்று படும். வாங்கியவர் ஃப்ரீசரைக் குறை சொல்ல மாட்டார், உங்கள் பெயரைத்தான் சொல்வார். எனவே அந்தச் சரக்கை உடனே திரும்ப எடுத்துவிட்டு, உள்ளே ஒரு வெப்பமானியை வைத்து மைனஸ் 18 டிகிரியில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் புதிய சரக்கைப் போட வேண்டும்.

மூன்றாவதாக, ஐப்பசி, கார்த்திகை முகூர்த்த நாட்களைக் காலண்டரில் குறித்துக்கொண்டு, ஒரு மாதம் முன்னதாகவே சமையல் காண்ட்ராக்டர்களைப் பாருங்கள். மழை பெய்தாலும் கல்யாணப் பந்தியில் ஐஸ்கிரீம் உண்டு. 500 பேருக்கான சிறிய கப்புகளில் உங்கள் பெயர் அச்சான மூடி இருந்தால், கடைக்கு வராத குடும்பங்களின் கையிலும் அது போய்ச் சேரும். ஆனால் மொத்தமாகக் கொட்டிப் பரிமாறும் பெரிய டப்பாவில் அந்தப் பயன் இல்லை.

மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. அந்த மாதத்தை ஃப்ரீசர் மூடியின் ரப்பர் பட்டையை மாற்றவும், உட்சுவரில் படிந்த பனியை நீக்கவும் ஒதுக்கினால், தைக் கல்யாணங்களுக்கும் அதற்குப் பின் வரும் வெயிலுக்கும் எல்லாக் கடைகளிலும் ஃப்ரீசர் தயாராக இருக்கும்.