மைக்ரோமீட்டர் சோதனைக்கு 5, 10, 15 மி.மீ. வேண்டாம்

0–25 மி.மீ. மைக்ரோமீட்டரின் பயஸ், லீனியாரிட்டி சோதனைக்கு 5, 10, 15, 20, 25 மி.மீ. ஸ்லிப் கேஜ்களையே பலர் எடுக்கிறார்கள். திருகின் புரிஇடை 0.5 மி.மீ. என்பதால், இந்த அளவுகள் எல்லாவற்றிலும் திம்பிள் பூஜ்ஜியக் கோட்டிலேயே வந்து நிற்கும். ஒரு சுற்றுக்குள் ஒளிந்திருக்கும் பிழை கண்ணில் படவே படாது. 2.5, 7.7, 12.9, 17.6, 22.8 என்று எடுங்கள்; திம்பிள் வெவ்வேறு கோணங்களில் நிற்கும்.

ஒவ்வொன்றையும் வரிசையைக் கலைத்து 12 முறை அளந்து, சராசரியிலிருந்து கேஜின் சான்றிதழ் மதிப்பைக் கழித்தால் கிடைப்பது பயஸ். அது முறையே 0, +1, +2, +3, +4 மைக்ரான் என்று வந்ததாக வைத்துக்கொள்வோம்; இப்படி அளவோடு சேர்ந்து பயஸ் மாறுவதுதான் லீனியாரிட்டிப் பிழை. மொத்தச் சராசரி +2 என்று பார்த்துப் பூஜ்ஜியத்தை 2 மைக்ரான் நகர்த்திவிடாதீர்கள். சிறிய அளவில் −2, பெரிய அளவில் +2 என்று பிழை இரு பக்கமும் பிரிந்து நிற்குமே தவிர, தீராது. ஐந்து இடத்திலும் ஒரே +2 வந்திருந்தால்தான் பூஜ்ஜியத் திருத்தம் பலிக்கும்.

ஆனால் கருவியைக் குறை சொல்லும் முன் கையைக் கவனியுங்கள். கைச்சூட்டில் 5 டிகிரி கூடினாலே 22.8 மி.மீ. எஃகு கேஜ் சுமார் 1.3 மைக்ரான் நீளும்; 2.5 மி.மீ. கேஜில் அது தெரியவே தெரியாது. இந்த வெப்பமும் லீனியாரிட்டிப் பிழை போலவே அளவோடு சேர்ந்து ஏறும். கேஜைக் கையுறையோடு எடுத்து, மைக்ரோமீட்டரைத் தாங்கியில் பொருத்தி, இரண்டும் அறை வெப்பத்துக்கு வந்த பிறகு மீண்டும் அளந்து பாருங்கள். ஏற்றம் அப்படியே இருந்தால் திருகைச் சந்தேகிக்கலாம்.